துண்டும் என்.ஓ.சி.யும்

எங்கள் குடியிருப்பில் மேல்மாடி வீட்டுப் பையன் 2013-ல் தோஹாவிலிருந்து ஒரு நாள் இரவு போன் செய்தான். "அங்கிள், கம்பெனிக்கு ஒரு லெட்டர் எழுதணும். நீங்க ஆபீஸ்ல டிராஃப்ட் எழுதியே வாழ்ந்தவர். எனக்கு ஒண்ணு எழுதிக் கொடுங்க" என்றான். அசோக் நகரில் நான்கு பேருக்கு மனு எழுதிக் கொடுத்தால் ஐந்தாவது ஆள் தானே வந்து சேர்வார். ஓய்வுபெற்ற குமாஸ்தாவுக்கு வேறென்ன மரியாதை இருக்கிறது! சரி என்றேன்.

அவன் ஒரு கட்டுமான கம்பெனியில் எலக்ட்ரீஷியன். வேறொரு கம்பெனி கூடுதல் சம்பளத்துக்கு அழைத்திருந்தது. அதற்கு இப்போதைய முதலாளி 'எங்களுக்கு ஆட்சேபணை இல்லை' என்று கடிதம் தர வேண்டும். நம் ஊரில் தடையின்மைச் சான்று என்போமே, அதுதான். எல்லோரும் என்.ஓ.சி. என்றே சொல்வார்கள்.

நான் அரசாங்க வழக்கப்படி பணிவாக ஒரு பக்கத்துக்கு எழுதி அனுப்பினேன். எத்தனை வருடம் வேலை பார்த்தான், ஒப்பந்தம் எந்தத் தேதியில் முடிகிறது, பாக்கி வேலையை யாரிடம் ஒப்படைப்பான், எல்லாம் இருந்தது. கம்பெனி மறுத்துவிட்டது. காரணம்கூடச் சொல்லவில்லை. பையன் கோபத்தில் ராஜினாமா செய்து ஊர் திரும்பினான். திரும்பிய பிறகுதான் எனக்கு விஷயமே விளங்கியது. கத்தாரின் 2009-ஆம் வருடத்து 4-ஆம் எண் சட்டப்படி, பழைய முதலாளியின் சம்மதம் இல்லாமல் நாட்டை விட்டுப் போனவன் இரண்டு வருடம் அங்கே மறுபடி வேலைக்கு வர முடியாது. புது கம்பெனி அதுவரை காத்திருக்குமா? இரண்டு வருடம் பையன் கே.கே. நகரில் ஒரு கடையில் மின்விசிறி ரிப்பேர் செய்துகொண்டிருந்தான்.

என் மனதில் உறுத்திய விஷயம் ஒன்று உண்டு. நான் எழுதிய கடிதம் தவறான கடிதம். அங்கே இரண்டு வகைச் சம்மதம் இருந்தது. நாட்டை விட்டுப் போகாமலே ஒரு முதலாளியின் பொறுப்பிலிருந்து இன்னொரு முதலாளியின் பொறுப்புக்கு மாறுவது ஒன்று. அதை 'ரிலீஸ்' என்பார்கள். விசாவை ரத்து செய்துகொண்டு ஊருக்கு வந்து, புது விசாவில் திரும்பிப் போவதற்கான என்.ஓ.சி. இரண்டாவது. முதலாவதைக் கொடுக்கத் தயங்குகிற கம்பெனி இரண்டாவதைக் கொடுத்துவிடுவதுண்டு; ஆளும் போகிறான், பகையும் இல்லை. பையன் எதைக் கேட்கிறான் என்று நான் விசாரிக்கவே இல்லை. பொதுவாக 'ஆட்சேபணை இல்லை என்று கடிதம் தாருங்கள்' என்று எழுதினேன். கம்பெனிக்காரர்கள் இரண்டுக்கும் சேர்த்து இல்லை என்றுவிட்டார்கள். இதோடு இன்னொன்று: சம்மதக் கடிதம் கொடுத்தால்கூட, கம்பெனி சார்பில் கையெழுத்திட அதிகாரம் பெற்றவரே கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்திருக்க வேண்டும். சைட் மேனேஜர் நல்லவர் என்று அவரிடம் வாங்கி வந்த கடிதம் கவுண்டரில் செல்லாது. எந்த ஆபீஸிலும் அப்படித்தான், நமக்குத் தெரியாததா?

இந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் எனக்கு 'துண்டு' என்ற சொல் நினைவுக்கு வந்தது. அந்தச் சொல்லை நான் முதலில் கேட்டது எழுபதுகளின் பிற்பகுதியில், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களின் கடன் மனுக்கள் வந்து குவிந்த ஒரு பிரிவில் நான் எழுத்தராக இருந்தபோது. 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி வந்தவர்கள் அவர்கள். ஒரு பெரியவர் வரிசையில் உட்கார்ந்து தன் பத்திரங்களைப் பிரித்துக் காட்டினார். ஒவ்வொரு தாளாக நான் முத்திரை பார்ப்பதைக் கண்டு சிரித்துக்கொண்டே, "எங்க அப்பா காலத்துல இத்தனை தாள் கிடையாது சார். ஒரே ஒரு துண்டுதான். துரை துண்டு குடுத்தா இன்னொரு தோட்டம், குடுக்காட்டி அதே லயம்" என்றார். அன்றைக்கு எனக்கு அது புரியவில்லை. அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

ஓய்வு பெற்ற பிறகு கன்னிமரா நூலகத்தில் உட்கார்ந்து படித்தபோதுதான் முழுதும் புரிந்தது. அதை இங்கே சொல்கிறேன்.

திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து இலங்கை மலைநாட்டுக்குப் போன நம் ஜனங்கள், பிஜித் தீவுக்கோ மொரிஷியஸுக்கோ போனவர்களைப் போல ஐந்து வருட ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுப் போனவர்கள் அல்ல. சட்டப்படி அவர்கள் மாத வேலைக்காரர்கள். 1865-ஆம் வருடத்து 11-ஆம் எண் சட்டம் அதைத்தான் சொன்னது: மாதாமாதம் தானே புதுப்பித்துக்கொள்ளும் வேலை, ஒரு மாத முன்னறிவிப்பு கொடுத்தால் யாரும் போகலாம். படிக்கும்போது எவ்வளவு நியாயமாக இருக்கிறது! ஆனால் அதே சட்டத்தில் இன்னொரு பக்கமும் உண்டு. முன்னறிவிப்பு இல்லாமல் போனால் சிறை. இன்னொரு தோட்டத்து ஆளை ஆசைகாட்டி இழுப்பவருக்கும் தண்டனை.

அப்படியானால் ஒரு மாதம் முன்னால் சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். இங்கேதான் கடன் வருகிறது. ஊரில் ஆள் கட்டுவதற்காகத் தோட்டத்துத் துரை கங்காணியிடம் முன்பணம் கொடுப்பார். கங்காணி அந்தப் பணத்தில் சொந்தக்காரர்களையும் ஊர்க்காரர்களையும் சேர்த்து, அவர்களின் ஊர்க் கடனை அடைத்து, வழிச்செலவு பார்த்து, அழைத்துப் போவான். தோட்டம் போய்ச் சேரும்போதே ஒவ்வொருவர் பேரிலும் கடன் ஏறியிருக்கும். துரையின் புத்தகத்தில் கடன் கங்காணி பேரில். கங்காணியின் கணக்கில் அது ஆட்கள் பேரில். கங்காணியின் கணக்கை எத்தனை பேர் படித்துப் பார்த்திருப்பார்கள்? கல்யாணம், சாவு, அரிசி என்று மேலும் கடன் ஏறும். இந்தக் கடன் தீராமல் ஆளை எடுத்துக்கொள்வதில்லை என்பது தோட்டக்காரர்களுக்குள் இருந்த வழக்கம். சட்டம் போகலாம் என்றது, வழக்கம் போகாதே என்றது.

வழக்கத்துக்குச் சாவியாக இருந்ததுதான் துண்டு. கங்காணியும் அவன் ஆட்களும் போக வேண்டுமென்றால் துரையிடம் போய்த் துண்டு கேட்பார்கள். துரை ஒரு சிறு தாளில், இந்தக் கங்காணி, இவனோடு இத்தனை ஆட்கள், இவர்கள் பேரில் இத்தனை ரூபாய் பாக்கி, அந்தத் தொகை வந்து சேர்ந்தால் இவர்களை விடுவிக்கிறேன் என்று எழுதிக் கொடுப்பார். கங்காணி அந்தத் தாளை எடுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போவான். ஆள் பஞ்சத்தில் இருக்கிற ஒரு துரை அதைப் பார்த்து, பழைய தோட்டத்துக்குப் பணத்தைக் கட்டுவார். கூட்டம் முழுவதும் மூட்டை முடிச்சோடு புது லயத்துக்குப் போகும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் இது எப்படி ஓடியது என்று தெரியும். தொகைகள் என் கற்பனை, முறை மட்டும் உண்மை. ஒரு கங்காணியிடம் 40 ஆட்கள். தலைக்கு 50 ரூபாய் கடன். துண்டில் எழுதியிருப்பது 2,000 ரூபாய். புது துரை 2,000 ரூபாயைப் பழைய தோட்டத்துக்குக் கட்டுகிறார். அதோடு முடிந்ததா? இல்லை. பக்கத்துத் தோட்டத்துக்குப் போகாமல் தன்னிடம் வருவதற்காகக் கங்காணிக்கு மேலும் 400 ரூபாய் முன்பணம் தருகிறார். கங்காணி அதில் ஆட்களுக்கு ஏதோ கொஞ்சம் கொடுத்துவிட்டு மீதியைத் தானே வைத்துக்கொள்கிறான். ஆனால் கடன் இப்போது 2,400 ரூபாய், தலைக்கு 60. இரண்டு வருடம் கழித்து மறுபடி துண்டு, மறுபடி முன்பணம், தலைக்கு 70 ரூபாய். மண்வெட்டி பிடித்தவனும் கொழுந்து பறித்தவளும் வாங்காத பணம் அது. ஒவ்வொரு தடவை தோட்டம் மாறும்போதும் அவர்களின் விலை ஏறியது. விலை என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது, ஆனால் அந்தத் தாளில் இருந்தது வேறென்ன?

கங்காணிக்கு இது தொழில். பெரட்டுக்கு வந்து வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு ஆளுக்கும் தினமும் இவ்வளவு காசு என்று தோட்டம் அவனுக்குத் தலைக்காசு கொடுத்தது. எத்தனை தலையோ அத்தனை காசு. அதற்கு மேல் முன்பணம். ஆகவே பெரிய கங்காணிக்குத் துண்டு ஒரு பேரப் பத்திரம். 'தரவில்லையா, சரி, நான் துண்டு கேட்கிறேன்' என்று துரையையே மிரட்டலாம். துரைமார் இதைப் பற்றிப் புலம்பிக்கொண்டே இருந்தார்கள். ஆனால் ஆள் வேண்டியபோது அவர்களே பக்கத்துத் தோட்டத்துத் துண்டுக்குப் பணம் கட்டினார்கள். எல்லோரும் சேர்ந்து நிறுத்தினால்தான் நிற்கும்; ஒருவர் மட்டும் நிறுத்தினால் அவருக்கு ஆள் கிடைக்காது.

சாதாரண ஆளின் நிலைமையைக் கவனியுங்கள். தான் போகவேண்டும் என்று அவன் தனியாகக் கேட்டுத் துண்டு பெறுவது அபூர்வம். கங்காணி போனால் அவனும் போக வேண்டும், கங்காணி இருந்தால் அவனும் இருக்க வேண்டும். புது தோட்டத்தில் குளிர் அதிகம், பிள்ளைக்கு ஆகாது என்றாலும் போயாக வேண்டும். தாளில் அவன் பெயர்கூட இல்லை, ஓர் எண் மட்டும்தான். ஓடிப் போனால் வாரண்ட்.

இங்கே கொஞ்சம் என் பழைய கதைக்குப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பள்ளியில் எங்கள் மதிப்பெண் புத்தகத்துக்கு 'லிவ்ரே' என்று பெயர். அப்பாவிடம் கையெழுத்து வாங்குவதற்குள் உயிர் போய்விடும். அதே 'லிவ்ரே' என்ற பெயரில் பிரான்சில் தொழிலாளிக்கும் ஒரு புத்தகம் இருந்தது என்பது வெகுநாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. நெப்போலியன் காலத்தில், 1803-ல் வந்த சட்டம். பழைய முதலாளி 'இவன் பாக்கியில்லாமல் விடைபெற்றான்' என்று அந்தப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்திடாமல் வேறு முதலாளி அவனை வேலைக்கு எடுக்கக் கூடாது. புத்தகம் இல்லாமல் ஊர்விட்டு ஊர் போனால் நாடோடி என்று பிடிக்கலாம். முன்பணம் பாக்கி இருந்தால் புத்தகத்தில் எழுதி அனுப்புவார்கள். புது முதலாளி கூலியில் பத்தில் இரண்டு பங்கு வரை பிடித்துப் பழைய முதலாளிக்குக் கட்டுவார். துண்டுக்கும் இதற்கும் உறவு ஏதும் இல்லை. ஆனாலும் பாரிஸ் தச்சனும் மலைநாட்டுத் தோட்டத்து ஆளும் ஒரே கயிற்றில்தான் கட்டப்பட்டிருந்தார்கள். அங்கே 1851-ல் புத்தகத்தில் ஏற்றக்கூடிய கடனுக்கு 30 பிராங்க் என்று வரம்பு வைத்தார்கள். 1890 ஜூலையில் புத்தகத்தையே ஒழித்தார்கள். அந்த ஒழிப்புச் சட்டத்தில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று இருக்கிறது. வேலையை விடுகிறவன் முதலாளியிடம் ஒரு சான்றிதழ் கேட்டு வாங்கலாம். அதில் சேர்ந்த தேதி, விட்ட தேதி, பார்த்த வேலை என்ன என்பவை மட்டுமே இருக்க வேண்டும். நல்லவன் கெட்டவன் என்று ஒரு வார்த்தை எழுதக் கூடாது. சம்மதம் கேட்கும் தாள், வெறும் தகவல் தாளாக மாறியது. டிராஃப்ட் எழுதியே வயிறு வளர்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த ஒற்றை வாக்கியத்தை எழுதியவர் கெட்டிக்காரர்.

இலங்கையில் துண்டு ஒழிய 1921 வரை ஆயிற்று. 1917-ல் சென்னை அரசாங்கம் அனுப்பிய மார்ஜோரிபாங்க்ஸ், அகமது தம்பி மரைக்காயர் இருவரும் இலங்கையிலும் மலாயாவிலும் நம் ஆட்களின் நிலையைப் பார்த்து அறிக்கை கொடுத்தார்கள். கொழும்பில் சர் பொன்னம்பலம் அருணாசலம் 1919-ல் தொழிலாளர் நலச் சங்கம் அமைத்து, வேலையை விட்டுப் போனவனை ஜெயிலில் போடுகிற சட்டத்தை எதிர்த்தார். இந்தியாவில் ஒப்பந்தக் கூலி முறை அப்போதுதான் முடிவுக்கு வந்திருந்தது. அடுத்து இலங்கைக்கு ஆள் போவதையும் நிறுத்திவிடுவார்களோ என்று தோட்டக்காரர்கள் பயந்தார்கள். ஏறிக்கொண்டே போன கடனும் அவர்களைத்தான் அழுத்தியது. எல்லாம் சேர்ந்து 1921-ஆம் வருடத்து 43-ஆம் எண் சட்டம் துண்டு முறையைச் சட்டவிரோதமாக்கியது. அடுத்த வருடம் இந்தியக் குடியேற்றச் சட்டம் வந்தது. அதன் கீழ் வந்த விதிகளால் ஆள் கட்டும் செலவை ஆள் தலையில் கடனாக ஏற்றுவதும் நின்றது.

கங்காணி அதோடு போய்விடவில்லை, தலைக்காசும் போகவில்லை. ஆனால் ஆள் ஒரு மாத முன்னறிவிப்பு கொடுத்தால் அந்த முன்னறிவிப்பு செல்லுபடியாயிற்று. 1865-ல் காகிதத்தில் இருந்த உரிமை 56 வருடம் கழித்துக் கைக்கு வந்தது.

தோஹாவுக்குத் திரும்புவோம். மேல்மாடிப் பையன் இரண்டு வருடம் முடிந்து 2015-ல் மறுபடி கத்தார் போனான், வேறு கம்பெனிக்கு. 2016 டிசம்பரில் அங்கே புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது: ஒப்பந்தக் காலம் முழுவதும் முடித்தவன் சம்மதம் இல்லாமல் மாறலாம். காலவரையறை இல்லாத ஒப்பந்தம் என்றால் ஐந்து வருடம் கழிய வேண்டும். 2020 செப்டம்பரில் அதையும் எடுத்துவிட்டார்கள். இப்போது வேலையில் சேர்ந்து இரண்டு வருடம் வரை உள்ளவன் ஒரு மாத முன்னறிவிப்பும், அதற்கு மேல் உள்ளவன் இரண்டு மாத முன்னறிவிப்பும் கொடுத்தால் போதும். வீட்டு வேலைக்காரர்களுக்கும் இது உண்டு. ஓமானில் 2021 ஜனவரியில் என்.ஓ.சி. போனது. சவூதியில் அதே வருடம் மார்ச்சில் ஒரு வருடம் வேலை பார்த்தவருக்கு வழி திறந்தது. ஆனால் வீட்டு வேலைக்காரரையும் டிரைவரையும் அதில் சேர்க்கவில்லை.

பையன் 2021-ல் மறுபடி போன் செய்தான். "அங்கிள், இந்தத் தடவை என்.ஓ.சி. வேண்டாம். ஆனா லெட்டர் வேணும்" என்றான். நான் முன்பு செய்த தவறைச் செய்யவில்லை. முதலில் கேள்வி கேட்டேன். சேர்ந்து எத்தனை வருடம்? ஆறு. அப்படியானால் இரண்டு மாத முன்னறிவிப்பு. புது கம்பெனியின் வேலைக் கடிதம் கையில் இருக்கிறதா, வாய்வார்த்தையா? கையெழுத்திட்டது இருக்கிறது. பாஸ்போர்ட் யாரிடம்? தன்னிடமே. ரெசிடென்சி கார்டு காலாவதி ஆகவில்லையே? இல்லை. இந்த நாலும் தெரிந்த பிறகு நான்கே வரி எழுதினேன். சேர்ந்த தேதி, ராஜினாமா தேதி, கடைசி வேலை நாள், பாக்கி சம்பளத்தையும் கணக்கையும் தீர்க்கும்படி ஒரு வரி. 'தயவுசெய்து அனுமதிக்க வேண்டும்' என்று எங்கும் எழுதவில்லை. ஐம்பது வருடப் பழக்கம், விரல் அந்த வார்த்தைக்குத்தான் போயிற்று. அடித்துவிட்டேன். கம்பெனிக்கு மின்னஞ்சலிலும் அனுப்பச் சொன்னேன், தேதி நிற்கும் அல்லவா? ஏனென்றால் கோபமான முதலாளி கையில் வேறொரு ஆயுதம் இன்னும் இருக்கிறது. ஆள் சொல்லாமல் ஓடிவிட்டான் என்று புகார் கொடுத்துவிட்டால், விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். முன்னறிவிப்பு கொடுத்த தேதிக்குச் சாட்சி இருந்தால்தான் அதை எதிர்த்துப் பேசலாம். 1865-ல் வாரண்ட்.

பத்து நாள் கழித்து அவன் சொன்னான்: அமைச்சகத்துக்கு விண்ணப்பம் போடும் இடத்தில், ராஜினாமா கடிதத்தில் பழைய கம்பெனி முத்திரை இருக்கிறதா என்று கேட்கிறார்கள். சட்டத்தில் அப்படி ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வருடம் பலருக்கும் இதே கதை. ஆம்னெஸ்டி அமைப்பின் அறிக்கையிலும் எழுதியிருந்தார்கள். பெயர்தான் என்.ஓ.சி. இல்லை.

அவனுடைய மேலாளர் மலையாளி, வயதானவர். முத்திரையைத் தன் மேஜை டிராயரிலிருந்து எடுத்து, 'உன் ஊர்ல யாரு இந்த லெட்டரை எழுதினது, ரொம்பச் சின்னதா இருக்கே' என்று கேட்டுவிட்டுக் குத்திக் கொடுத்தாராம்.